ஓட்டுக்கூரையில் கோளாறா? மண் ஓடானாலும் கொங்கிறீட் ஓடானாலும் முதலில் மரத்தைப் பாருங்கள்

மலைநாட்டில் கூரை வேலைக்குக் கூப்பிடுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். "பாஸ், ஓடு சரியில்லை, மாத்திடுவோமா?" மண் ஓடு போட்டவர் கொங்கிறீட் ஓட்டுக்கு மாறக் கேட்பார். கொங்கிறீட் போட்டவர், பேசாமல் மண் ஓடே போட்டிருக்கலாம் என்பார். ஏறிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஓட்டின்மேல் பிழை இருக்காது. அதைத் தாங்குகிற மரத்திலும் கூரையின் சரிவிலும்தான் பிழை கிடக்கும். ஆகவே ஓட்டை விலை கேட்கப் போகுமுன் கீழே உள்ள வரிசையில் பார்த்துவிடுங்கள்.

இங்கே மண் ஓடு என்பது தங்கொட்டுவை, வைக்கால் பக்கமிருந்து லொறியில் ஏறிவரும் கலிகட் ஓடு. கொங்கிறீட் ஓடு என்பது அச்சில் வார்த்து நிறம் பூசியது. சோதனைக்கு ஒரு டோர்ச், மட்டம் பார்க்கும் லெவல், அளவு நாடா, மெல்லிய நூல், கூர்மையான ஸ்குரூ டிரைவர் போதும். பெரும்பாலான சோதனைகளை உள்ளே சீலிங்குக்கு மேலே ஏறியே செய்யலாம். வெளியே ஏற வேண்டி வந்தால் மழை விட்டு ஓடு காய்ந்த பிறகு, இடுப்பில் கயிறு கட்டி ஏறுங்கள். பாசி பிடித்த ஈர ஓடு வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. ஓட்டின் நடுவில் கால் வைக்காதீர்கள். கீழ் ஓட்டின்மேல் மேல் ஓடு படிந்திருக்கிற கீழ் விளிம்பில், நேர் கீழே ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பை இருக்கிற இடத்தில் வையுங்கள்.

அறிகுறி 1: காற்றோடு சாய்ந்து மழை பெய்தால் மட்டும் சொட்டுகிறது

நேராகக் கொட்டும் மழையில் ஒன்றுமில்லை, சாரல் அடித்தால்தான் ஒழுகுகிறது என்றால், ஓடு தண்ணீரை உறிஞ்சி ஒழுகவில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே தண்ணீர் மேல்நோக்கி ஏறி உள்ளே விழுகிறது. வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை இந்த முறைப்பாடுதான் அதிகம். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் இதையே டிசம்பர், ஜனவரியில் சொல்வார்கள்.

முதலில் செலவில்லாததைப் பாருங்கள். பகலில் சீலிங்குக்கு மேலே ஏறி, டோர்ச்சை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சம் கீறலாகத் தெரிகிற இடத்தில் ஓடு நகர்ந்திருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. குரங்குத் தொல்லை உள்ள இடங்களில் இது வாரத்துக்கு ஒரு வேலை. மண் ஓடு இலேசானது, அதை விரலால் கிளப்பிப் பார்ப்பது அவற்றுக்கு விளையாட்டு. கொங்கிறீட் ஓட்டைக் கிளப்புவது அவ்வளவு சுலபமில்லை. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் சந்தேகமான மண் ஓட்டைக் கழற்றி, விரல் மூட்டால் தட்டுங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், மயிரிழை வெடிப்புள்ளது பொத்தென்று ஒலிக்கும். அத்தோடு ஓட்டின் ஓரத்து வாய்க்காலில் சவுக்கிலை, பாசி, தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைப்பு ஒரு சின்ன அணைதான். மழைத் தண்ணீர் அதில் முட்டிப் பக்கவாட்டில் வழியும். பழைய தூரிகையால் தேய்த்தால் முடிந்தது.

இரண்டும் சரியாக இருந்தால் அடுத்தது ரீப்பை இடைவெளி. இரண்டு ஓட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, பலர் இதைச் சொல்வதில்லை. கொங்கிறீட் ஓட்டைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கலாம். ஓடு 16½ அங்குல நீளம், மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் குறைந்தது 3 அங்குலம் படிய வேண்டும், அதனால் ரீப்பை இடைவெளி 13½ அங்குலம் வரை போகலாம். சரிவு குறைவென்றால் ரீப்பையை 12½ அங்குலத்துக்கு நெருக்கி, படிவை 4 அங்குலமாக்கிக்கொள்ளலாம். கலிகட் ஓடு அப்படியில்லை. அதன் தலைப்பக்கத்தில் வரம்பும் வாய்க்காலும் அச்சிலேயே வார்த்திருக்கிறது. மேல் ஓடு அந்த வரம்பைச் சரியாகக் கவ்வ வேண்டும். இடைவெளி அரை அங்குலம் கூடினாலும் கவ்வல் விட்டுப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் கூரை அழகாகத்தான் தெரியும், சாரல் வந்தால்தான் குட்டு உடையும்.

அதோடு மண் ஓடு சூளையில் சுருங்குகிறது, ஒரு லொறிக்கும் அடுத்த லொறிக்கும் அளவு கொஞ்சம் மாறும். 12½ அங்குலம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரீப்பை அடிக்காதீர்கள். வந்த ஓட்டில் பத்தை எடுத்துத் தரையில் ஒன்றோடொன்று கவ்வ வைத்து அடுக்குங்கள். முதல் ஓட்டின் தலையிலிருந்து கடைசி ஓட்டின் தலை வரை ஒருமுறை இறுக்கித் தள்ளி அளந்து, இன்னொருமுறை இழுத்து அளந்து, இரண்டின் நடு அளவை எடுங்கள். அதை இடைவெளிகளின் எண்ணிக்கையான ஒன்பதால் வகுத்து வருவதே உங்கள் ரீப்பை இடைவெளி. பழைய மண் ஓட்டு ரீப்பையின்மேல் கொங்கிறீட் ஓடு போட்டால் படிவு கொஞ்சம் கூடும், ஓடும் கூடுதலாகப் பிடிக்கும், வேறு கெடுதி இல்லை. கொங்கிறீட் ஓட்டு ரீப்பையின்மேல் மண் ஓடு போட்டால் நிச்சயம் ஒழுகும். ரீப்பையைக் கழற்றி மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

கடைசியாகச் சரிவு. திருத்தச் செலவு அதிகம் என்பதால் கடைசியில் வைத்தேன். உள்ளே, முகட்டிலிருந்து சுவர் வரை சரிவாக இறங்கும் கைமரத்தின் பக்கத்தில் லெவலைக் கிடையாகப் பிடித்து, ஓர் அடி தள்ளி, அங்கிருந்து கைமரம் வரை எத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று அளங்கள். ஓர் அடிக்கு 4 அங்குலத்துக்குக் கீழே போனால் கொங்கிறீட் ஓடு தாங்காது. அந்த எல்லை சுமார் 18½ பாகைச் சரிவு. கலிகட் ஓட்டுக்கு நான் 6 அங்குலத்துக்குக் கீழே சம்மதிப்பதில்லை, வட்டவளை மாதிரி வருஷத்தில் 5000 மில்லிமீட்டர் மழை காணும் இடமென்றால் 7 அங்குலம். சரிவு போதாதென்று தெரிந்தால் தார் பூசுவது, சிலிக்கன் அடிப்பது, ஓட்டுக்கு ஓடு சீமெந்து வைப்பது எல்லாம் வீண். சீமெந்து பூசிய கூரையில் அடுத்த தடவை ஒரு ஓட்டைக் கழற்றினால் நாலு ஓடு உடையும். இந்தக் கட்டத்தில் கூரை வேலை தெரிந்த தச்சரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: மழையே இல்லை, காலையில் சொட்டுகிறது

நுவரெலியா, கந்தப்பளை, அப்கொட் பக்கத்து வீடுகளில் பனிமூட்டக் காலத்தில் வரும். எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் கோடாக வழிந்தால் அது ஒழுக்கு, அறிகுறி 1-க்குப் போங்கள். கூரை முழுக்க, ஓட்டின் அடியிலும் ஆணித் தலைகளிலும் சின்னச் சின்ன முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் அது வீட்டுக்குள்ளிருந்து ஏறிய ஆவி. அடுப்படி ஆவியும் ஆட்களின் மூச்சும் ஈரத்துணியும் சேர்ந்து மேலே போய், குளிர்ந்த ஓட்டில் தட்டி நீராகிறது. மண் ஓடு அந்த நீரைக் கொஞ்சம் குடித்துவிட்டு வெயிலில் விட்டுவிடும், அதனால் பழைய வீடுகளில் இது தெரியாது. கொங்கிறீட் ஓடும் அதன் அடியில் விரித்த பொலித்தீனும் அந்தளவு குடிப்பதில்லை. முகட்டுக் கூர்ச்சுவரின் இரு பக்கத்திலும் வலை போட்ட துவாரம் வைத்து, இறவாரப் பலகையில் அடைத்திருப்பதைத் திறந்து, காற்று போக வழி விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ஓடு மாற்றத் தேவையில்லை.

மண் ஓடு முழுவதும் அடியில் கறுத்து ஈரமாகவே கிடந்தால் மட்டும் ஓட்டைச் சந்தேகியுங்கள். ஒரு ஓட்டை அடுப்புக்கு மேலே இரண்டு நாள் காயவைத்துத் தராசில் நிறுங்கள். ஒரு இரவும் பகலும் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி நிறுங்கள். 2½ கிலோ ஓடு 2.9 கிலோ ஆனால் பரவாயில்லை. 3 கிலோவைத் தாண்டினால், அதாவது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடித்தால், அது சரியாகச் சுடப்படாத ஓடு. அந்த ஓட்டை ஒவ்வொன்றாக மாற்றுவது காசுக்குக் கேடு, அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுங்கள்.

அறிகுறி 3: கூரை தொய்கிறது

இதுதான் அலட்சியம் செய்யக்கூடாத அறிகுறி. தொய்வு மூன்று விதம், மூன்றுக்கும் வேறு வேறு காரணம். முதலில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

*அலை அலையாக, இரண்டு கைமரத்துக்கு நடுவே மட்டும் தொய்ந்தால்* ரீப்பை வளைகிறது. கைமரங்கள் 2 அடிக்கு மேல் விலகியிருக்கும், அல்லது 2க்கு 1 அங்குல ரீப்பைக்குப் பதில் மெலிந்த பலகைக் கீற்றை அடித்திருப்பார்கள். ஓட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி ரீப்பை மாற்றினால் சரி, நல்ல தச்சர் மூன்று நாளில் முடிப்பார்.

*முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரு பக்கம் முழுவதும் குழிந்தால்* கைமரம் வளைகிறது. முகட்டிலிருந்து சுவர் மேல் வளை வரை கைமரத்தின் மேல்புறம் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளங்கள். 12 அடிக் கைமரத்தில் அரை அங்குலம் வரை மரத்தின் இயல்பு. ஓர் அங்குலத்தைத் தாண்டினால் காரணம் தேடவேண்டும். ஸ்குரூ டிரைவரால் கைமரத்தின் இரு நுனியிலும் குத்திப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த நுனிதான் முதலில் உளுக்கும். எளிதாக அரை அங்குலம் இறங்கினால் மரம் போய்விட்டது. மாவு மாதிரித் தூள் கொட்டினால் பூச்சி, சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கறையான். மரம் கெட்டியாக இருந்தும் தொய்ந்தால், பச்சை மரத்தில் பாரம் ஏற்றியிருப்பார்கள். வெட்டி ஒரு மாதத்தில் கூரைக்கு ஏறிய டர்பன்டைனும் பைனஸும் பாரத்தோடு காயும்போது வளைந்த வாக்கிலேயே இறுகும், பாரத்தை இறக்கினாலும் நிமிராது.

*முகடு நடுவில் தாழ்ந்து, சுவர்கள் வெளியே சாய்ந்தால்* கைமரங்கள் காலை அகட்டுகின்றன. எதிரெதிர்க் கைமரங்களைக் கீழே சேர்த்துக் கட்டும் குறுக்கு வளை இல்லை, அல்லது விட்டுப்போயிருக்கிறது. இதில் நீங்களாக எதையும் தொடாதீர்கள். அன்றைக்கே பொறியியலாளரை அழையுங்கள். சுவரில் மூலைவாட்டில் விரிசலும் தரையில் பிளவும் சேர்ந்து தெரிந்தால் அது கூரைக் கோளாறே இல்லாமல் இருக்கலாம். மண் நகர்கிறதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், கிராம சேவகர் வழியாகவும் அறிவிக்கலாம். அதுவரை அந்த வீட்டில் படுக்காதீர்கள்.

இரண்டாவது விதத்துக்கு ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன், கணக்கோடு. கினிகத்தேனைக்கு மேலே, தகரக் கூரையாக இருந்த வீடு. பையன் வெளிநாட்டுக்குப் போய்க் காசு அனுப்பினான், வீட்டுக்கார அக்கா தகரத்தைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீட் ஓடு போட்டார்கள். கூரையின் மரச் சட்டத்தைத் தொடவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் சாரலில் ஒழுகியது, நடுக்கூடத்துக்கு மேலே குழி விழுந்தது. "ஓடு பாரம்ன்னு தெரியாமப் போச்சு தம்பி, மண் ஓடு போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதில்ல?" என்று கேட்டார்கள்.

அளந்தேன். வீட்டு அகலம் 20 அடி. இறவாரத்தோடு ஒரு பக்கச் சரிவு 12 அடி, நீளம் 26 அடி. இரண்டு பக்கமும் 624 சதுர அடி, அதாவது 58 சதுர மீட்டர். தகரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ, மொத்தம் 290 கிலோ. கொங்கிறீட் ஓடு ஒன்று 4.4 கிலோ, சதுர மீட்டருக்குப் பத்து ஓடு என்றால் 44 கிலோ, மொத்தம் இரண்டரை டன். கலிகட் ஓடு ஒன்று 2½ கிலோதான், ஆனால் சதுர மீட்டருக்குப் பதினைந்து பிடிக்கும். அது 37½ கிலோ, மொத்தம் 2.2 டன். மழையில் ஊறினால் அதுவும் இரண்டரை டன்னைத் தொடும். கையில் தூக்கும்போது கொங்கிறீட் ஓடு இரண்டு மடங்கு பாரமாகத் தெரியும், கூரைக்கு ஏறியபின் வித்தியாசம் சொற்பம். அக்காவின் மரம் தாங்காததற்குக் காரணம் கொங்கிறீட்டும் அல்ல, மண்ணும் அல்ல. 290 கிலோவுக்குப் போட்ட மரத்தில் 2500 கிலோவை ஏற்றியதுதான்.

கைமரம் 3க்கு 2 பைனஸ், 3 அடிக்கு ஒன்று. நூல் பிடித்தால் நடுவில் 2¼ அங்குலக் குழி. சரிவு ஓர் அடிக்கு 3 அங்குலம், தகரத்துக்குப் போதும், எந்த ஓட்டுக்கும் போதாது. ஒழுக்குக்கும் குழிக்கும் வேறு வேறு காரணம் என்பது அப்போது தெரிந்தது. மரத்தை மட்டும் பலப்படுத்தியிருந்தால் ஒழுக்கு நின்றிருக்காது.

மறுபடி தகரத்துக்கே போவது மலிவு, அதை முதலில் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. மண் ஓட்டுக்கு மாறுவதானால் சரிவு 7 அங்குலம் வேண்டும், முகட்டை 40 அங்குலம் உயர்த்திக் கூர்ச்சுவரைக் கட்ட வேண்டும். இருக்கிற கொங்கிறீட் ஓட்டுக்கு 5 அங்குலச் சரிவு தாராளம், முகடு 20 அங்குலம் உயர்ந்தால் போதும். அதையே செய்தோம். ஓட்டை இறக்கும்போது ஒரு பக்கத்தை முழுவதும் கழற்றாமல், இரு பக்கமும் மாறி மாறி வரிசை வரிசையாக இறக்கினோம். ஒரு பக்கம் வெறுமையாகி மறுபக்கம் பாரமாக இருந்தால் முகடே சாயும். புதுக் கைமரம் காய்ந்த 4க்கு 2, 2 அடிக்கு ஒன்று, நிமிர்த்தி வைத்தது. அதே மரத்தைப் படுக்கவைத்தால் விறைப்பு நாலில் ஒரு பங்காகிவிடும், இதையும் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். நடுச்சுவர் இருந்த இடத்தில் அதன்மேல் கால் ஊன்றி, கைமரங்களின் நடுவில் 5க்கு 3 வளை ஒன்று கொடுத்தோம். 12 அடி தூரம் 6 அடியாகப் பிரிந்தது. அந்த ஒரு வளை இல்லாவிட்டால் 4க்கு 2 மரமும் போதுமாக இருந்திருக்காது. சரிவு நீண்டதால் இன்னும் இருபது முப்பது ஓடு வாங்க வேண்டி வந்தது. நிறம் கொஞ்சம் மாறியது, அதைப் பின்பக்கம் போட்டோம்.

நடுச்சுவர் இல்லாத கூடமென்றால் இந்த வழி உதவாது. வளையை எதன்மேல் ஊன்றுவது, சுவர் அந்தப் புள்ளிப் பாரத்தைத் தாங்குமா என்பது கண் பார்வையில் சொல்லும் விஷயமில்லை. அங்கே பொறியியலாளருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

அறிகுறி 4: ஓடு சரிகிறது, காற்றில் எழும்புகிறது

ஓட்டின் அடியில் உள்ள கொக்கி உடைந்ததா என்று முதலில் பாருங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள், ஆணியடித்து ஒப்பேற்றாதீர்கள். கொக்கி சரியாக இருந்தால் ரீப்பை ஆணி விட்டிருக்கும், ரீப்பையைக் கையால் அசைத்தால் தெரிந்துவிடும். ஊவாப் பக்கம் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும் சரிவுகளில் ஓரத்து வரிசையும் முகட்டை ஒட்டிய வரிசையும்தான் முதலில் எழும்பும். அந்த வரிசைகளில் ஒவ்வொரு ஓட்டையும் செம்புக் கம்பியால் அல்லது துருப்பிடிக்காத ஆணியால் ரீப்பையோடு பிணையுங்கள். கொங்கிறீட் ஓட்டில் ஆணித்துளை அச்சிலேயே இருக்கும். மண் ஓட்டில் துளையில்லாவிட்டால் உளி வைத்துத் தட்டாதீர்கள், சின்ன டிரில்லால் மெதுவாகத் துளையுங்கள்.

அறிகுறி 5: முகட்டு ஓட்டின் கீழே சுவரில் நீர்க்கறை

முகட்டு ஓட்டுக்கு அடியில் பூசிய சீமெந்துக் கலவை வெடித்திருக்கும். சாதாரணமாக வெடிப்பைக் கொத்திவிட்டு, சுண்ணாம்பு சேர்த்த மெதுவான கலவை பூசினால் போதும். அடுத்த வருஷமே அதே இடத்தில் மறுபடி வெடித்தால் கலவையைக் குறை சொல்லாதீர்கள். முகட்டு வளை இன்னும் அசைகிறது என்று பொருள், நூலை எடுத்துக்கொண்டு அறிகுறி 3-க்குப் போங்கள்.